தாலி எடுத்தாச்சா?

"தாலி எடுத்தாச்சு" என்று ஒருவர் சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. கடையில் வாங்கியாகிவிட்டது என்பது ஒன்று. வீட்டிலிருந்து கையோடு எடுத்து வந்தாகிவிட்டது என்பது இன்னொன்று. இந்த வித்தியாசம் எனக்கு ஆறேழு வருடங்களுக்கு முன் அண்ணன் மகன் கல்யாணத்தில்தான் உறைத்தது.

வாட்ஸ்அப் குழுவில் அண்ணி எழுதியிருந்தார்கள், "தாலி எடுத்தாச்சு" என்று. பதினேழு பேர் அதற்குக் கட்டை விரலை உயர்த்தியிருந்தோம். நானும் ஒருவன். முகூர்த்தம் 9 முதல் 10.30. மணி 9.50க்கு ஐயர் தாலித் தட்டைக் கேட்டார். அண்ணன் அண்ணியைப் பார்த்தார், அண்ணி மூத்த மருமகளைப் பார்த்தாள், அவள் என்னைப் பார்த்தாள். தாலி பீரோவில் பத்திரமாக இருந்தது, போளூர் சாலையில் பூட்டிய வீட்டில். தம்பி பையன் ஒருவன் டூவீலரில் பறந்து போய் எடுத்து வந்தான். கெட்டிமேளம் கொட்டியபோது மணி 10.24. ஆறு நிமிடம் மீதி.

யார் மேல் குற்றம் சொல்ல? அண்ணி எழுதியது பொய்யில்லை, அவர்கள் கடையில் எடுத்ததைத்தான் சொன்னார்கள். அன்றைக்கே தீர்மானித்தேன், நம் வீட்டில் அடுத்த கல்யாணம் வாட்ஸ்அப்பை நம்பி நடக்கக் கூடாது, மணி போட்டு, பேர் போட்டு, ஒரு தாளில் எழுதி நடக்க வேண்டும் என்று. முப்பத்தோரு வருடம் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவன் நான். இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை என்றால் வேறு யார்?

அந்த அடுத்த கல்யாணம் என் தங்கை மகளுடையது. சென்ற ஆவணியில் நடந்தது. தங்கை வீட்டுக்காரர் இல்லை, காலமாகி ஐந்து வருடமாகிறது. ஆகவே தாய்மாமன் என்ற முறையில் பாதிப் பொறுப்பு என் தலையில். நான்கு மாதமாகக் குழுவில் பேசியது 1,400 செய்திகளுக்கு மேல். அதில் பாதி வாழ்த்தும், பூ பொம்மையும், புடவைப் படமும். மீதியில்தான் கல்யாணம் இருந்தது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் உட்கார்ந்தேன். குழுவைத் திறந்து மேலே மூன்று புள்ளியைத் தொட்டால் `More` என்று வரும், அதில் `Export chat`, அதில் `Without media`. பேச்சு முழுவதும் ஒரே எழுத்துக் கோப்பாக நமக்கே மெயிலில் வந்துவிடுகிறது. ஒவ்வொரு வரியிலும் தேதியும் மணியும் இருக்கும். குரல் செய்திகள் மட்டும் இதில் வராது. அறுபதுக்கு மேல் இருந்தன, அவற்றைத் தனியாகக் கேட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது. அலுப்பான வேலைதான். ஆனால் பெரியவர்கள் எல்லாரும் பேசித்தான் அனுப்புகிறார்கள், முக்கியமான சமாசாரமெல்லாம் அதில்தான் கிடக்கிறது.

தாளை அச்செடுத்து மூன்று பேனாவோடு படித்தேன். முடிவானதற்குப் பச்சை. கேள்விக்குச் சிவப்பு. ஆசைக்கு நீலம். "ஐஸ்கிரீம் வெச்சா நல்லா இருக்கும்" என்பது ஆசை. "நாதஸ்வரம் யாரு சொல்லியிருக்கீங்க?" என்பது கேள்வி. "செட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு" என்பது முடிவு. படித்து முடித்தபோது தாள் பெரும்பாலும் நீலமாக இருந்தது. பச்சை என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தவற்றில் பல, பதில் வராத கேள்விகள். கட்டை விரல் பொம்மையை நான் பச்சையில் சேர்க்கவில்லை. "பார்த்தேன்" என்றும் போடுவார்கள், "செய்கிறேன்" என்றும் போடுவார்கள்.

இரண்டு சொற்கள் என்னைப் பாடாய்ப்படுத்தின. ஒன்று "நாளைக்கு". "நாளைக்கு காலைல பூக்காரர்கிட்ட பேசிடறேன்" என்று எழுதியவர் ராத்திரி 12.20க்கு எழுதியிருக்கிறார். அவர் கணக்கில் நாளைக் காலை என்பது அன்றைக்கே விடியும் காலை. படித்தவர்கள் அடுத்த நாள் என்று எண்ணிக்கொண்டார்கள். அதனால் தாளில் நாளைக்கு, மறுநாள், அன்னிக்கு என்ற சொற்களே வரக்கூடாது, கிழமையும் தேதியும்தான்.

இரண்டாவது சொல் "மாமா". என் மகன் எழுதியிருக்கிறான், "கேஸ் சிலிண்டரை மாமா பாத்துப்பார்" என்று. அவனுக்கு மாமா என்றால் அவன் அம்மாவின் தம்பி, அதாவது என் மச்சான். அதைப் படித்த தங்கை மகனுக்கு மாமா என்றால் நான். பெண்ணின் பெரியப்பா வீட்டுப் பிள்ளைகளுக்கு அது இன்னொருவர். 1,400 செய்திகளில் "மாமா பாத்துப்பார்" என்பது பதினோரு இடத்தில் வந்தது. விசாரித்ததில் அது நான்கு வேறு வேறு மாமாக்கள். அதில் மூன்று பேருக்குத் தாங்கள் எதையாவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே தெரியாது. உறவுமுறை கூப்பிடத்தான், பொறுப்பு ஒப்படைக்க அல்ல. தாளில் முழுப் பெயரும் செல் நம்பரும் போட்டேன். (இங்கே வீட்டார் பெயரெல்லாம் வேண்டாம் என்று உறவையே எழுதுகிறேன்.)

அடுத்து மணி. பலரும் கல்யாணத் திட்டத்தைக் காலையிலிருந்து முன்னோக்கி எழுதுகிறார்கள். அது தப்பு. பஸ் கிளம்பும் நேரம் நம் கையில் இருக்கிறது, முகூர்த்தம் நம் கையில் இல்லை. தாலி கட்டும் நிமிடத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

முகூர்த்தம் ஞாயிறு காலை 6 முதல் 7.30. தாலிக்கு 6.50 என்று வைத்தேன். தாலித் தட்டு சபையைச் சுற்றி ஆசி வாங்கி வரக் குறைந்தது பத்து நிமிடம். அப்படியென்றால் பெண் கூரைப்புடவையோடு மணவறையில் 6.35க்கு உட்கார்ந்திருக்க வேண்டும். கூரைப்புடவையை மாற்றிவர அரை மணி நேரம், ஆகவே அதை 6.05க்குக் கையில் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன் உள்ள சடங்குகளுக்கு இருபது நிமிடம். பெண் முதல் புடவையில் மணவறைக்கு வர வேண்டியது 5.45. தலைப் பின்னல், பூ, அலங்காரம், நகை எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம் என்று பியூட்டிஷியன் அம்மாவே சொன்னார். அப்படியானால் அவர் கையை வைக்க வேண்டியது 3.40. பெண் குளித்து முடித்திருக்க வேண்டியது 3.30. வெந்நீர் 2.45.

இப்போது குழுவில் இருந்த செய்தியைப் பாருங்கள். "பியூட்டிஷியன் காலைல 4.30க்கு ஷார்ப்பா வந்துடுவாங்க." படிக்கும்போது எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது! பின்னோக்கி எண்ணினால்தான் தெரிகிறது, ஐம்பது நிமிடம் தாமதம். அதைவிட மோசம் இன்னொன்று. ரிசப்ஷன் முந்தின நாள் மாலை. "ரிசப்ஷன் முடிஞ்சதும் ஸ்டேஜிலேயே கப்பிள் ஷூட், ஒரு ரெண்டு மணி நேரம்" என்று மாப்பிள்ளையின் நண்பர்கள் எழுதியிருந்தார்கள். அதாவது ராத்திரி ஒரு மணி வரைக்கும். 2.45க்கு எழ வேண்டிய பெண். இரண்டு செய்திக்கும் நடுவில் மூன்று வாரமும் முந்நூறு செய்தியும் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. பக்கத்துப் பக்கத்தில் எழுதியதும் பட்டுவிட்டது. போட்டோ ஷூட்டை ரிசப்ஷனுக்கு முன்னால் 4.30க்குத் தள்ளினோம். பியூட்டிஷியனை முந்தின ராத்திரியே மண்டபத்தில் தங்க வைத்தோம்.

1958ல் அமெரிக்கக் கடற்படைக்காரர்கள் போலாரிஸ் ஏவுகணை வேலைக்காக பெர்ட் என்று ஒரு முறை உண்டாக்கினார்கள். ஆயிரம் வேலைகளில் எந்தச் சங்கிலி நீளமானதோ அதுதான் முடியும் நாளைத் தீர்மானிக்கும், மற்றவை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை என்பது அதன் சாரம். டெப்போவில் ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள், அப்போது தூங்கிவிட்டேன். கல்யாண வீட்டில் நீளமான சங்கிலி சமையலும் இல்லை, மேளமும் இல்லை, பெண்ணின் அலங்காரம்தான். அந்தச் சங்கிலியில் உள்ள ஆறு வரியையும் தாளில் சிவப்புக் கட்டம் போட்டுக் காட்டினேன். மேளக்காரர் கால் மணி தாமதமானால் சமாளிக்கலாம். வெந்நீர் தாமதமானால் தாலி தாமதம்.

6.50க்கும் 7.30க்கும் நடுவில் நாற்பது நிமிடம் இருக்கிறதே, அதைத் தாளில் மறைத்துவிடலாம், "முகூர்த்தம் 6.50 வரைதான்" என்று சொல்லி விரட்டலாம் என்று மச்சான் யோசனை சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பத்திரிகையில் 7.30 என்று அச்சடித்திருக்கிறோம், யாராவது பார்த்துவிட்டால் அப்புறம் தாளில் உள்ள எந்த மணியையும் நம்ப மாட்டார்கள். நாற்பது நிமிடம் இருப்பதை எழுதி, பக்கத்தில் "பெண் அலங்காரத்துக்கு மட்டும்" என்று போட்டேன்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். நம் ஊருக்கென்று தனியாக ஒரு சங்கடம் இருக்கிறது, உங்களுக்கே தெரியும். வளர்பிறை முகூர்த்தம் வேண்டும் என்றால் பௌர்ணமிக்கு முந்திய நாட்களில்தான் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் சென்னை. ஞாயிற்றுக்கிழமைதான் சௌகரியம் என்று சொன்னார்கள், அவர்கள் ஜோசியர் பஞ்சாங்கம் பார்த்தார், மலையைப் பார்க்கவில்லை. பௌர்ணமி சனிக்கிழமை ராத்திரி தொடங்கி ஞாயிறு ராத்திரி வரை. மண்டபமோ செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி. கிரிவலம் போகிறவர்கள் நடந்து போகும் அதே சாலை! பதினான்கு கிலோமீட்டரும் தலையாக இருக்கிற ராத்திரியில் அந்தப் பாதையில் வேனைக் கொண்டுவர முடியுமா?

குழுவில் மாப்பிள்ளையின் சித்தப்பா எழுதியிருந்தார், "சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டு நிதானமா கிளம்பறோம்." சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாக இங்கே வர வேனில் நாலரை மணி நேரம். இரண்டரைக்குக் கிளம்பினால் ஏழு மணிக்கு ஊர் எல்லையில் நிற்பார்கள். அதற்குள் போலீஸ் வண்டிகளை வெளியிலேயே திருப்பிவிட ஆரம்பித்திருக்கும். ரிசப்ஷன் 6.30. மாப்பிள்ளை இல்லாத ரிசப்ஷன்.

இதைக் குழுவில் எழுதவில்லை. எழுதினால் "பெண் வீட்டார் கட்டளை போடுகிறார்கள்" என்று ஆகும். நேரில் பேச முடியாததால் போனில் பேசினேன். "சம்பந்தி, மத்தியானச் சாப்பாடு எங்க பொறுப்பு, மண்டபத்துல ஒரு மணிக்கு இலை போட்டுடறோம்" என்றேன். அவர்கள் காலை எட்டு மணிக்கே கிளம்பிவிட்டார்கள். ஐம்பது பேருக்கு ஒரு வேளைச் சாப்பாடு கூடுதல் செலவு. அந்த ஒரு மணிச் சாப்பாடு தாளில் புதிதாகச் சேர்ந்த வரி, எந்தச் செய்தியிலும் இல்லாதது.

அதே காரணத்தால் காய்கறி, இலை, சிலிண்டர் எல்லாம் சனிக்கிழமை பகல் 2 மணிக்குள் உள்ளே வந்துவிட வேண்டும் என்று ஒரு கோடு கிழித்தேன். விடியற்காலை வருவதாக இருந்த பாலும் மாலையும்தான் பிரச்சினை. மாலைகளை முந்தின மாலையே வாங்கி ஈரத்துணி போட்டு வைத்தோம். ஐம்பது லிட்டர் பாலை சனிக்கிழமை மாலையே வாங்கிக் காய்ச்சி ஆற வைத்து ஐஸ் பெட்டியில் வைக்கச் சொன்னார் சமையல்காரர். அவர் சொன்னது சரி, ஆனால் அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனிமேல்தான் உண்மையான சண்டை. பேர் போடுவது.

ஒரு வரிக்கு ஒரு பேர், அவர் இல்லையென்றால் இன்னொரு பேர், அவ்வளவுதான் என் சட்டம். "நம்ம பசங்க", "மண்டபத்துக்காரர்", "எல்லாரும்" என்று போட்டால் யாரும் இல்லை என்று அர்த்தம். தாள் இப்படித்தான் இருந்தது. ஞாயிறு 2.45, வெந்நீர், முதல் மாடி, பொறுப்பு என் மகன், இல்லையென்றால் மண்டப வாட்ச்மேன். 3.30, காபி டிகாஷன், சமையல்கட்டு, பொறுப்பு மச்சான். 5.30, தாலி, மணமகன் அறையிலிருந்து மணவறைக்கு, பொறுப்பு மாப்பிள்ளையின் அக்கா, கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்பவர் நான். "எடுத்தாச்சு" என்ற சொல்லை நான் அனுமதிக்கவில்லை. வாங்கியது, கொண்டு வந்தது, கொடுத்தது என்று மூன்றாகப் பிரித்தேன்.

பெரிய அக்கா போன் செய்தார். "ஏன்டா, கல்யாணத்தை ஆபீஸ் ஆக்கிட்டியா? பேர் போட்டவன் வேலைக்காரனா, போடாதவன் வேண்டாதவனா?"

அக்கா சொன்னதில் நியாயம் இருந்தது. கல்யாண வீட்டில் பேர் என்பது வேலை மட்டும் இல்லை, மரியாதையும்தான். இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்துவிட்டேன். அன்று ராத்திரி தாளை இரண்டாகப் பிரித்தேன். முதல் தாள் முறை செய்கிறவர்கள். யார் மாலை எடுத்துக் கொடுப்பது, யார் விளக்குப் பிடிப்பது, யார் கன்னிகாதானம் செய்வது. இதில் பேர் வந்தவருக்கு அந்த நேரத்தில் இரண்டாம் தாளில் வேலை இருக்கக் கூடாது. மேடையில் நிற்பவர் பந்தியில் நிற்க முடியாது.

இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த என் மனைவி சிரித்துவிட்டாள். "ஏங்க, 5.45லேருந்து 7 மணி வரைக்கும் தாய்மாமன் எங்க நிக்கணும்?" மேடையில். "அப்ப இந்த ஏழு வரியை யார் செய்யறது?" காலை 5.45க்கும் 7க்கும் நடுவில் ஏழு இடத்தில் என் பேரை நானே எழுதியிருந்தேன். தாலி மணவறைக்கு வந்த பிறகு நான் எதற்கும் உதவாதவன். ஏழையும் அடித்துவிட்டு மச்சானுக்கும், மகனுக்கும், தம்பி பையனுக்கும் பிரித்துக் கொடுத்தேன். அடிக்கும்போது கொஞ்சம் வலித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்போதுதான் இன்னொரு பேர் கண்ணில் பட்டது. நகை அறைச் சாவி. ஞாயிறு காலை 5.30 முதல் 8 மணி வரை அறைக்குள்ளேயே ஒருவர் இருக்க வேண்டும், பொறுப்பு என் தங்கை. அவளே குழுவில் எழுதியிருந்தாள், இரண்டு மாதத்துக்கு முன்னால். "ரூம்ல நான் இருக்கேன், நீங்க எல்லாரும் மேடைக்குப் போங்க." பதினான்கு கட்டை விரல். நானும் அதைப் பச்சைப் பேனாவால் முடிவு என்று குறித்திருந்தேன். கன்னிகாதானம் பெரியப்பா பெரியம்மா செய்கிறார்கள் என்பதால் முதல் தாளில் அவள் பேர் இல்லை. 6.50 என்ற வரிக்கு நேராக யார் எங்கே இருப்பார்கள் என்று விரலை வைத்துக்கொண்டே போனேன். தாலி கட்டும் நேரத்தில் பெண்ணைப் பெற்றவள் பூட்டிய அறைக்குள் இருக்கிறாள்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எங்கள் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. போன் செய்தேன். "பரவாயில்லண்ணா, நான் முன்னாடி வந்தா யாராவது ஏதாவது சொல்லுவாங்க. நல்ல நாள் அதுவுமா எதுக்கு?" என்றாள். நான் வாதம் செய்யவில்லை. முதல் தாளில் ஒரு வரி சேர்த்தேன். "6.30, மணவறைக்கு நேர் எதிரே முதல் வரிசை, இடது ஓரம், பெண்ணின் அம்மா." சாவிக்குப் பெரிய அக்காவின் பேரைப் போட்டு, அக்காவிடம் காரணத்தையும் சொன்னேன். ஆபீஸ் என்று திட்டிய அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. "சாவி என்கிட்ட இருக்கட்டும்டா" என்றார்.

வெள்ளிக்கிழமை இரவு இரண்டு தாளையும் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டு, இனி மாற்றம் எதுவும் குழுவில் எழுத வேண்டாம், எனக்குப் போன் செய்யுங்கள் என்று எழுதினேன். அச்செடுத்த பிரதிகள் இருபது. சமையல்கட்டில் ஒன்று, மணமகள் அறைக் கதவில் ஒன்று, நாதஸ்வரக்காரர் கையில் ஒன்று. மாறுகிற தாளில் மேலே மணியைப் போடுவது டெப்போ பழக்கம், அதனால் எது புதிய தாள் என்று யாருக்கும் குழப்பமில்லை.

எல்லாம் சரியாக நடந்ததா என்றால், இல்லை. ஐஸ் பெட்டிக்குப் பேர் போட்டிருந்தேன், ஐஸுக்குப் போடவில்லை. சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குப் பெட்டி இருந்தது, பால் இருந்தது, ஐஸ் இல்லை. பௌர்ணமிக் கூட்டத்தில் வெளியே போய் வாங்கவும் வழியில்லை. சமையல்காரர் முணுமுணுத்துக்கொண்டே பாலைத் தண்ணீர்த் தொட்டியில் அண்டாவோடு இறக்கிவைத்து, ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் எழுந்து மறுபடி காய்ச்சினார். முதல் காபி 3.30க்குப் பதில் 4.15.

தாலி 6.53க்கு ஏறியது. மாப்பிள்ளையின் பாட்டி ஒருவர் என் தங்கையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, அட்சதையை அவள் கையில் அள்ளிக் கொடுத்ததை மேடையிலிருந்து பார்த்தேன். அது எந்தத் தாளிலும் இல்லை.

7.15 பந்தியைத் தொடங்கி வைக்க வேண்டியவன் நான். 7.40க்குத்தான் போனேன். இலைக்கு முன்னால் நூற்றிருபது பேரையும் உட்கார வைத்துவிட்டு மச்சான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"டைம் கீப்பர் சார், இருபத்தஞ்சு நிமிஷம் லேட்டு" என்றார்.